பெங்களூரிலிருந்து மதுரைக்குக் குடும்பத்தோடு: சொந்தக் காரா, பஸ்ஸா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்க நாலு பேர். நாலு டிக்கெட் எடுக்கிறதுக்குக் கார்லயே போயிட்டா மிச்சம்தானே?

சாதாரண நாளில் பெரிய மிச்சம் கிடையாது. ராமமூர்த்தி நகரிலிருந்து நாங்கள் போய்வந்த ஒரு பயணத்தின் கணக்கையே இங்கே வைக்கிறேன். நான், மனைவி, 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மதுரையில் மாமியார் வீடு. மூன்று நாள் தங்கல். பெட்ரோல் கார்.

போக வர 880 கிலோமீட்டர், ஊருக்குள் சுற்றியது 70. மொத்தம் 950. பெட்ரோல் 6,100 ரூபாய், டோல் சுமார் 1,300, டயர் தேய்மானமும் சர்வீஸும் சேர்த்து 1,400, கார் ஓடிய தூரத்தால் மறுவிற்பனையில் குறையும் தொகை 950, வழியில் சாப்பாடு 1,200. கூட்டினால் 10,950.

அதே பயணம் தனியார் ஏசி ஸ்லீப்பரில் என்றால், டிக்கெட் ஆளுக்கு 1,000 வீதம் போக வர 8,000. வீட்டிலிருந்து சில்க் போர்டு, மாட்டுத்தாவணியிலிருந்து வீடு, திரும்பவும் அப்படியே என நான்கு ஆட்டோ சவாரி, 1,400. மதுரைக்குள் சுற்ற ஆட்டோ 900. டீ, பிஸ்கட், தண்ணீர் 300. மொத்தம் 10,600.

வித்தியாசம் 350 ரூபாய். இவ்வளவு நெருக்கமாக வரும்போது பணத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. களைப்புதான் முடிவு செய்கிறது. அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

இரண்டே பேர் போனால் கார் செலவு ஏறக்குறைய அப்படியே இருக்கும், பஸ் டிக்கெட் செலவு பாதியாக இறங்கிவிடும். அப்போது பஸ்தான். ஐந்து பேர் என்றால் கார்.

கம்பெனிக்காரன் லிட்டருக்கு 21 கிலோமீட்டர்னு சொன்னான். அதை வெச்சுக் கணக்குப் போடலாமா?

கூடாது. அது சோதனைக்கூடத்தில் எடுத்த எண். நாலு பேர், டிக்கி நிறைய பை, ஏசி, மதுரையில் மாமியார் ஏற்றிவிடும் அரிசி மூட்டை என்று போகும்போது எங்கள் காருக்கு 16தான் கிடைக்கிறது. 950ஐ 16ஆல் வகுத்தால் 59 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். லிட்டர் 103 ரூபாய் என்று வைத்தேன். நீங்கள் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் காரின் உண்மையான மைலேஜைத் தெரிந்துகொள்ள ஒரு பழைய வழி இருக்கிறது. கிளம்பும் முன் பங்கில் டேங்கை நிரப்புங்கள். குழாய் முதல் தடவை தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிட்டு, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். திரும்பி வந்ததும் அதே பங்கில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை, இடையில் போட்டதும் இப்போது போட்டதுமான மொத்த லிட்டரால் வகுத்தால் முடிந்தது. டேஷ்போர்டு காட்டும் மைலேஜ் பெரும்பாலும் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

வேகம் இதை நிறைய மாற்றும். நடுவில் தடுப்புள்ள நான்கு வழிச் சாலையில் காருக்கு உச்ச வேகம் 100. சிலர் 110இல் போவதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். தடையில்லாத 300 கிலோமீட்டரை 90இல் கடக்க 3 மணி 20 நிமிடம் ஆகும், 110இல் 2 மணி 44 நிமிடம். 36 நிமிடம்தான் மிச்சம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் பெட்ரோல் அதைவிட வேகமாகக் கரைகிறது, ஓட்டுபவரின் கண்ணும் கழுத்தும் அதைவிடச் சீக்கிரம் தளர்கின்றன.

கார் வீட்டு வாசல்ல நின்னாலும் இன்சூரன்ஸ் கட்டுறோம், வயசும் ஆகுது. அதையெல்லாம் ஏன் டிரிப் கணக்குல சேர்க்கணும்?

இன்சூரன்ஸ், சாலை வரி, மாதத் தவணை எதையும் சேர்க்க வேண்டாம். இந்தப் பயணம் போகாவிட்டாலும் அந்தப் பணம் போகும். இந்த 950 கிலோமீட்டர் ஓடியதால் மட்டும் கரைவதைச் சேர்த்தால் போதும்.

நான்கு டயருக்கு 24,000 ரூபாய், 40,000 கிலோமீட்டர் உழைக்கும் என்றால் கிலோமீட்டருக்கு 60 காசு. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை 7,000 ரூபாய் சர்வீஸ், 70 காசு. பிரேக் பேட், வைப்பர், அலைன்மென்ட் என்று இன்னொரு 20 காசு. ஆக ஒன்றரை ரூபாய். மறுவிற்பனை குறைவுக்கு நான் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் போடுகிறேன். அது என் மதிப்பீடு. பழைய கார் வைத்திருப்பவர்கள் பாதி போட்டாலும் தப்பில்லை. இந்த இரண்டரை ரூபாயை அன்றைக்கு யாரும் கையில் வந்து கேட்பதில்லை, அதனால்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். எங்கள் கணக்கில் அது 2,350 ரூபாய், டோலைவிடப் பெரிய தொகை.

டோல் எத்தனை இடத்துல வருது? வருஷ பாஸ் வாங்கலாமா?

எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டி பாளையம், ஓமலூர், நாமக்கல் பக்கம் ராசாம்பாளையம், கரூர் தாண்டி வேலஞ்செட்டியூர், கடைசியாகக் கொடைரோடு. ஒரு வழிக்கு எட்டு. கட்டணம் அவ்வப்போது ஏறும், எனவே கிளம்பும் முன் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் காருக்கான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் 2025 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. அறிமுகமானபோது 3,000 ரூபாய். ஒரு வருடம் அல்லது 200 கடப்பு, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். வருடத்துக்கு மூன்று முறை மதுரை போய்வருகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகும். ஒரே ஒரு தடவை போகிறவர்களுக்கு வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை டோல்களில் மட்டும்தான் அது செல்லும் என்பதால், மேலே சொன்ன எட்டில் எவை பட்டியலில் இருக்கின்றன என்று ராஜ்மார்க்யாத்ரா செயலியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, ஃபாஸ்டேக்கில் முந்தின நாளே பணம் போட்டு வையுங்கள். வரிசையில் நின்றபடி ரீசார்ஜ் செய்தால் அது சேரும் முன் கேட் வந்துவிடும். 2025 நவம்பரில் வந்த விதிப்படி, டேக் வேலை செய்யாமல் ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு. யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு.

பஸ் டிக்கெட் 1,000னு போட்டிருக்கீங்க. பொங்கலுக்கு 2,200 காட்டுதே?

ஆமாம். 2,200 என்றால் நாலு பேருக்குப் போக வர 17,600. ஆட்டோவும் மற்றதும் சேர்த்து 20,000 தாண்டும். கார் அதே 11,000. பண்டிகைக்குத் தனியார் பஸ் என்றால் பணக் கணக்கில் கார்தான்.

ஆனால் அரசு பஸ்ஸை மறந்துவிட்டே பெரும்பாலானோர் இந்த ஒப்பீட்டைச் செய்கிறோம். பண்டிகைக்கு அதில் கட்டணம் இப்படி எகிறுவதில்லை. தமிழ்நாடு அரசு விரைவுப் பேருந்தில் 12 வயது வரை அரை டிக்கெட், 5 வயது வரை இலவசம். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மூன்று கட்டணம்தான். சாய்வு இருக்கை ஒரு வழிக்கு 600 என்று வைத்தால் போக வர 3,600. ஆட்டோ, ஊர் சுற்றல், டீ எல்லாம் சேர்த்து 6,200. காரைவிட ஏறக்குறைய 4,750 ரூபாய் குறைவு. தனியார் ஸ்லீப்பரில் 6 வயதுக் குழந்தைக்கும் படுக்கை எடுத்தால் முழுக் கட்டணம். சிக்கல் என்னவென்றால், அரசு பஸ்ஸில் பண்டிகை டிக்கெட் முன்பதிவு திறந்த சில நாளிலேயே தீர்ந்துவிடும். ஊருக்குப் போவது உறுதி என்றால் முன்பதிவு திறக்கும் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

களைப்புக்கு எப்படிங்க விலை போடறது?

களைப்பு வராமல் இருக்க என்ன செலவாகும் என்று பாருங்கள். அதுதான் அதன் விலை.

எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் நெடுஞ்சாலையில் ஓட்டுவேன். வழியில் மாற்றி ஓட்ட ஆள் கிடையாது. ஞாயிறு மதியம் சாப்பிட்டுக் கிளம்பினால் இரவு 11க்கு மேல் வீடு, திங்கள் காலை ஆபீஸ். இதைத் தவிர்க்க மூன்று வழி உண்டு. ஒன்று, ஆக்டிங் டிரைவர் வைப்பது. ஒரு வழிக்குக் கூலி, சாப்பாடு, அவர் ஊர் திரும்பும் பஸ் காசு எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய் வாக்கில் ஆகும். இரண்டு, சேலத்திலோ கரூரிலோ ஓர் இரவு அறை எடுப்பது. அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மூன்று, திங்கள் லீவு போடுவது. அதன் விலை உங்கள் ஒரு நாள் சம்பளம். இந்த மூன்றில் எது மலிவோ அதைக் கார் கணக்கில் கூட்டுங்கள். எங்கள் கார் பயணம் உடனே 13,000 ஆகிவிடுகிறது.

இந்தத் தொகையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், சில வருடம் முன்பு நான் அதைச் சேர்க்கவில்லை. கல்யாணம் முடிந்த இரவு 9 மணிக்கு மதுரையில் வண்டியை எடுத்தேன். அன்று காலை 4 மணிக்கு முகூர்த்தத்துக்காக எழுந்திருந்தேன். ஓமலூர் டோல் தாண்டியது நினைவிருக்கிறது. தருமபுரி பைபாஸ் நினைவில் இல்லை. கிருஷ்ணகிரிக்கு முன் இடது சக்கரம் சாலை ஓரத்து மண்ணில் இறங்கி வண்டி அதிர்ந்தபோதுதான் விழித்தேன். பின்சீட்டில் மூவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 25 மீட்டர் போகும். நான்கு நொடி கண் மூடினால் 100 மீட்டர் யாருமே ஓட்டாமல் ஓடுகிறது. அன்று அந்த 100 மீட்டரில் லாரி எதுவும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு மங்கிவிடுகின்றன என்று ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். நம் நாட்டில் ஓட்டுநருக்குச் சட்டம் அனுமதிக்கும் மது 0.03 சதவீதம். அதாவது காலை 4க்கு எழுந்து இரவு 9க்கு ஸ்டியரிங் பிடித்த நான், ஒரு சொட்டுக் குடிக்காமலே அந்த எல்லையைத் தாண்டியிருந்தேன்.

தூக்கம் வர்ற மாதிரி இருந்தா ஜன்னலைத் திறந்து, பாட்டைப் போட்டு ஓட்டிட மாட்டோமா?

சில நிமிடம் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. கடைசியாகக் கடந்த ஊர்ப் பலகை நினைவில் இல்லை, ஒரே கோட்டில் வண்டி நிற்கவில்லை, முன்னால் போகும் லாரியின் விளக்கைத் தாமதமாகக் கவனிக்கிறீர்கள், கொட்டாவி அடுத்தடுத்து வருகிறது. இவற்றில் இரண்டு சேர்ந்தால் நிறுத்திவிடுங்கள். சாலை ஓரத்தில் வேண்டாம். பங்கிலோ வெளிச்சமுள்ள ஹோட்டல் வளாகத்திலோ நிறுத்துங்கள். ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூங்குங்கள். காபி வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும், எனவே விழிக்கும்போது இரண்டும் சேர்ந்து உதவும். முக்கால் மணி, ஒரு மணி என்று நீட்டினால் எழுந்ததும் மந்தமாக இருக்கும், அப்படியே வண்டியை எடுக்காதீர்கள்.

பலர் கவனிக்காத ஒன்று ஏசி. உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்திவிட்டு நாலு பேர் மூடிய காருக்குள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், மூச்சுக்காற்றின் கரியமில வாயு சேர்ந்து அதுவே மந்தத்தை உண்டாக்கும். அரை மணிக்கு ஒருமுறையாவது வெளிக்காற்று வரும்படி மாற்றிவிடுங்கள்.

ராத்திரிதான் டிராஃபிக் இல்லை, குழந்தைங்களும் தூங்கிடும். ராத்திரி ஓட்டினா என்ன?

விடியற்காலை 2 முதல் 5 வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்குப் போகும் நேரம். பகலில் நன்றாகத் தூங்கியவருக்கும் அப்படித்தான். பெங்களூரில் இரவு 10க்குக் கிளம்பினால் அந்த நேரத்தில் சேலத்துக்கும் கரூருக்கும் இடையில், நேரான வெறுஞ்சாலையில் இருப்பீர்கள். கண் அசர அதைவிட வாகான இடம் கிடையாது.

தொப்பூர் கணவாயையும் இருட்டில் இறங்க வேண்டியிருக்கும். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் போகும்போது அது நீண்ட இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் முன் வண்டிகள்மேல் ஏறிய விபத்துகள் அங்கே திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. பகலிலும் அங்கே கியரைக் குறைத்து இறங்குங்கள், லாரிக்கு முன்னால் போய் மெதுவாக்காதீர்கள்.

என் நேரம் இதுதான். வெள்ளி இரவு 9 மணிக்குப் படுக்கை, சனி விடியற்காலை நாலரைக்குப் புறப்பாடு. சில்க் போர்டும் ஓசூரும் நெரிசல் இல்லாமல் கடந்துவிடும். கிருஷ்ணகிரி தாண்டி இட்லி, கரூர் பக்கம் இன்னொரு நிறுத்தம், மதியம் ஒரு மணி வாக்கில் மதுரை. இதையே வெள்ளி மாலை 6க்குத் தொடங்கினால் அத்திப்பள்ளி தாண்டவே இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும், அதுவரை கிளட்ச் மிதித்த காலோடுதான் மீதி 400 கிலோமீட்டர்.

பஸ்ஸுல மட்டும் தூக்கம் வருதா? விடியறப்ப உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கே?

இருக்கும், மறைக்க வேண்டியதில்லை. ஸ்லீப்பரில் எனக்கு நாலரை மணி நேரத் தூக்கம் கிடைத்தாலே பெரிது. திங்கள் காலை ஆறரைக்குச் சில்க் போர்டில் இறங்கி, வீட்டுக்குப் போய்க் குளித்து ஆபீஸ் போகும் நாள் அரை நாளாகத்தான் ஓடும். அந்த அரை நாளையும் செலவாக எழுதுவது நியாயம்.

ஆனால் அது எல்லோருக்கும் பங்காக வரும் களைப்பு. போய்ச் சேர்ந்த பிறகு தூங்கினால் தீர்ந்துவிடும். கார் களைப்பு முழுவதும் ஒருவர் தலையில், மற்ற மூவரின் உயிரும் அவர் கையில் இருக்கும்போது வருகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பஸ் டிரைவரும் மனிதர்தான். 2025 நவம்பர் வரை இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, நாளுக்கு 8 மணி நேர வேலை என்று பொதுவாக வரையறுத்தது. இரவு முழுக்க ஓடும் வண்டியில் இரண்டு டிரைவர் உண்டா என்று டிக்கெட் எடுக்கும் முன் போன் செய்து கேளுங்கள். நான் கேட்டு, சரியான பதில் வராமல், வேறு வண்டி எடுத்திருக்கிறேன். ஏறியதும் அவசர வழி எங்கே என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் வண்டியின் நடுப்பகுதியில் கீழ்ப் படுக்கை எடுங்கள், கடைசி வரிசை வேண்டாம்.

ரயில்ல போயிடலாமே?

டிக்கெட் உறுதியானால் இரண்டையும்விட அதுவே நல்லது. 2024 ஆகஸ்ட் முதல் மதுரைக்கும் பெங்களூர் கன்டோன்மென்டுக்கும் பகல் நேர வந்தே பாரத் ஓடுகிறது. இந்தக் கேள்வி பதில் எல்லாம் அது கிடைக்காதவர்களுக்கு.

ஊர்ல இறங்கி இன்னும் நாப்பது கிலோமீட்டர் கிராமத்துக்குப் போகணும். அப்பவும் பஸ்ஸா?

அங்கே கணக்கு மாறும். உசிலம்பட்டி தாண்டி ஒரு கிராமம் என்று வையுங்கள். தாத்தா பாட்டியை ஒருநாள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், குலதெய்வக் கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் வாடகைக் கார் நாளுக்கு 2,500 ரூபாய் கேட்பார்கள். இரண்டு நாள் எடுத்தாலே 5,000. பஸ் பயணம் 15,000ஐத் தாண்டிவிடும். ஆக்டிங் டிரைவர் கூலியைச் சேர்த்தாலும் சொந்தக் கார் அதைவிடக் குறைவு.

அப்படிப் போகும்போது எங்கள் வீட்டில் ஏற்பாடு இது. போகும்போது நான் ஓட்டுகிறேன், தூங்கி எழுந்த உடம்பு. திரும்பும்போது ஆக்டிங் டிரைவர். அவரை ஒரு வாரம் முன்பே பேசிவைத்து, முந்தின இரவு அவர் வேறு வண்டி ஓட்டவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொள்கிறேன். ஞாயிறு காலை 8க்குக் கிளம்பினால் மாலை 6க்குள் வீடு. முன்சீட்டில் நான் விழித்தே வருகிறேன்.